“யாருப்பா ஆஸ்பத்திரிக்குப் போனது?”

கேள்வி: மூத்தோர் நிலையம் ஒன்றில் தொண்டூழியராக இருக்கிறேன். வாரம் இரண்டு நாள் தமிழ்ச் செய்திகளை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது. போன வாரம் ஒரு தீ விபத்துச் செய்தி. பாதியில் தாத்தா ஒருவர், “யாருப்பா ஆஸ்பத்திரிக்குப் போனது, தீயணைக்க வந்த ஆளா?” என்று கேட்டுவிட்டார். எச்சம் வந்த இடத்திலெல்லாம் நிறுத்தி உடைத்துப் பார்த்தேன். தொடக்கநிலை மூன்று மாணவர் எழுதிய கட்டுரை மாதிரி ஆகிவிட்டது. எங்கேதான் வெட்டுவது?

பதில்:

அந்தத் தாத்தா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். வாக்கியம் நீளமாக இருக்கிறது என்று அவர் குறைப்படவில்லை. யார் என்று கேட்டார். நீங்கள் எச்சத்தைப் பார்த்து வெட்டினீர்கள். ஆளைப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும்.

பல வருடம் வானொலிச் செய்தி எழுதியவன் நான். ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கி, அதை இன்னொருவர் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து வாசிப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துப் பழக்கம். நீங்கள் வாசித்த செய்தி எனக்குத் தெரியாது. அதே அச்சில் நானே ஒன்று கட்டுகிறேன். நம் ஊரில் தீ விபத்து என்றால் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவோம்:

“ஈசூன் வட்டாரத்தில் உள்ள வீவக அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடி வீட்டில் மின்னூட்டம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மின்-ஸ்கூட்டரிலிருந்து செவ்வாய்க்கிழமை அதிகாலை தீ மூண்டதை அடுத்து, தகவல் கிடைத்துச் சம்பவ இடத்துக்கு விரைந்த சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை வீரர்கள், புகை சூழ்ந்திருந்த வீட்டிற்குள் நுழைந்து, படுக்கையறையில் சிக்கியிருந்த 71 வயது மாதை மீட்டு, தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தீயை அணைத்து, அண்டை வீடுகளில் வசித்த ஏறத்தாழ 40 பேரை முன்னெச்சரிக்கையாக வெளியேற்றிய நிலையில், புகையைச் சுவாசித்ததால் மூச்சுத்திணறல் ஏற்பட்ட அந்த மாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை பெற்று வருவதாகத் தெரிவிக்கப்பட்டது.”

மொத்தம் 63 சொல். வினைமுற்று ஒன்றே ஒன்று, அதுவும் கடைசிச் சொல். அந்த ஒரே முற்றும் தீயைப் பற்றியோ மீட்பைப் பற்றியோ பேசவில்லை. யாரோ எதையோ தெரிவித்ததைப் பற்றிப் பேசுகிறது. நடந்தது அத்தனையும் எச்சங்களுக்குள் கிடக்கிறது.

இதைப் பார்த்ததும் எல்லாரும் வினையெச்சத்தின் மேல்தான் பழியைப் போடுவார்கள். நுழைந்து, மீட்டு, அணைத்து என்று அடுக்கிக்கொண்டே போனால் எப்படி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உங்கள் நிலையத்துக்கு வரும் பாட்டி ஒருவர் எப்படிப் பேசுவார்? “தேக்காவுக்குப் போயி, மீன் வாங்கி, கழுவி, கொழம்பு வச்சு, பேரனுக்கு ஊட்டிட்டு இப்பதான் வர்றேன்.” ஐந்து எச்சம். யாரும் மூச்சுத் திணறுவதில்லை, யாரும் ‘யாரு?’ என்று கேட்பதில்லை. போனவர், வாங்கியவர், கழுவியவர், வந்தவர் எல்லாரும் ஒரே பாட்டி. நடந்த வரிசையிலேயே சொல்கிறார். வினையெச்ச அடுக்கு பேச்சுக்கே உரிய கருவி. அதைப் போய் உடைத்தால்தான், “பாட்டி தேக்காவுக்குப் போனார். பாட்டி மீன் வாங்கினார். பாட்டி மீனைக் கழுவினார்” என்று தொடக்கநிலை மூன்று வந்து நிற்கும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

தொல்காப்பியம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. வினையெச்சங்கள் எத்தனை அடுக்கி வந்தாலும் முன்னால் இருக்கும் வினை முடிந்தால் பொருள் முடிந்துவிடும் என்று சொல்லி அடுக்குவதற்கு அனுமதி தருகிறது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது. ‘செய்து’ என்ற வாய்பாட்டில் வரும் எச்சம் தன் வினைமுதலோடேயே முடிய வேண்டும். அதாவது நுழைந்தவர் யாரோ அவரே மீட்டவராகவும் இருக்க வேண்டும். ஆள் மாறினால் அந்த வாய்பாடு போதாது. ‘செய்ய’, ‘செய்ததும்’, ‘செய்தபோது’ என்று வேறு ஒன்றுக்குப் போக வேண்டும்.

இப்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த 63 சொல்லுக்கு மேலே ‘யார்?’ என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மூண்டது தீ. கிடைத்தது தகவல். விரைந்தவர்கள் வீரர்கள். சூழ்ந்திருந்தது புகை. நுழைந்தவர்கள் வீரர்கள். சிக்கியிருந்தவர் மாது. மீட்டு, பீய்ச்சியடித்து, அணைத்து மூன்றும் வீரர்கள். வசித்தவர்கள் அண்டைவீட்டார். வெளியேற்றியவர்கள் மறுபடி வீரர்கள். அப்புறம் திடீரென்று மாது. கடைசியில் தெரிவித்தது யார் என்பதற்குப் பெயரே இல்லை.

தாத்தா ஏன் குழம்பினார் என்பது பென்சில் குறிகளிலேயே தெரியும். ‘மாதை மீட்டு’ என்பதற்கும் ‘அந்த மாது’ என்பதற்கும் நடுவில் 17 சொற்கள் கிடக்கின்றன. அந்தத் தூரம் முழுக்க வேலை செய்துகொண்டிருப்பவர்கள் வீரர்கள். புகையைச் சுவாசித்ததால் என்ற சொல் காதில் விழும்போது மனதில் நிற்கும் ஆள் வீரர்தான். ‘அந்த மாது’ என்பது மூன்று சொல் தள்ளி வந்து திருத்துகிறது. கண்ணால் படிப்பவர் ஒரு வரி மேலே போய்ப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்பவருக்கு மேல் வரி கிடையாது.

‘தகவல் கிடைத்துச் சம்பவ இடத்துக்கு விரைந்த வீரர்கள்’ என்பதையும் கவனியுங்கள். கிடைத்தது தகவல், விரைந்தவர்கள் வீரர்கள். ‘கிடைத்ததும்’ என்று இருக்க வேண்டியது, நீளத்தைச் சுருக்கும் அவசரத்தில் ‘கிடைத்து’ ஆகிவிட்டது. “மழை பெய்து குளம் நிறைந்தது” என்று நாம் சொல்வதில்லையா என்று கேட்பீர்கள். சொல்கிறோம். இலக்கணமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ‘பெய்ய’ என்பது ‘பெய்து’ எனத் திரிந்தது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். அங்கே மழைதான் குளத்தை நிறைத்தது என்பது ஒட்டிக்கொண்டே வருவதால் காது தடுமாறுவதில்லை. செய்தியில் இப்படி ஒன்றைக் கண்டால் அதை ‘கிடைத்ததும்’ என்று மாற்றி வாசித்துவிடுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

ஆனால் உண்மையான சுமை பெயரெச்சத்தில் இருக்கிறது. உள்ள, செய்யப்பட்டுக்கொண்டிருந்த, விரைந்த, சூழ்ந்திருந்த, சிக்கியிருந்த, வசித்த, வெளியேற்றிய, ஏற்பட்ட: எட்டு. பெயரெச்சம் வந்தால் அது தழுவும் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ‘படுக்கையறையில் சிக்கியிருந்த’ என்றால், எது சிக்கியது? பூனையா, ஆளா? பெயர் வந்த பிறகுதான் படம் தெரியும். இது எப்படிச் செய்திக்குள் இவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியும், நானே கொண்டுவந்திருக்கிறேன். இங்கே அறிக்கைகள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில் வருகின்றன. ஆங்கிலத்தில் ஆளைச் சொல்லிவிட்டு அவரைப் பற்றிய விவரத்தைப் பின்னால் தொங்கவிடலாம். எத்தனை தொங்கவிட்டாலும் ஆள் யாரென்று முன்பே தெரிந்திருக்கும். ஒரு ஆங்கில வாக்கியத்துக்கு ஒரு தமிழ் வாக்கியம் என்று மொழிபெயர்த்தால், பின்னால் தொங்கிய அத்தனையும் பெயருக்கு முன்னால் வந்து குவியும். வாலெல்லாம் தலைக்கு மேல் ஏறிக்கொள்ளும்.

அதற்காகப் பெயரெச்சம் எல்லாவற்றையும் பிரிக்கக் கூடாது. ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது அடையாளம் சொல்கிறதா, சேதி சொல்கிறதா? ‘அண்டை வீடுகளில் வசித்த 40 பேர்’ என்பதில் ‘வசித்த’ என்பது எந்த 40 பேர் என்று அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். அதை விட்டுவிடலாம். ‘சிக்கியிருந்த 71 வயது மாது’ என்பது வேறு. ஒரு முதியவர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார் என்பதே இந்தச் செய்தியின் உயிர். அது பெயரெச்சமாக ஒளிந்திருக்கிறது. அதற்கு ஒரு முற்று கொடுத்துத் தனியாக நிற்க வைக்க வேண்டும்.

‘நிலையில்’ என்ற சொல்லுக்கு நான் பரம எதிரி. ‘வெளியேற்றிய நிலையில் மாது கொண்டுசெல்லப்பட்டு’ என்றால், வெளியேற்றியதாலா, வெளியேற்றிய பிறகா, வெளியேற்றும்போதா? ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பலகையை ஒட்டும் பசை அது. பெரும்பாலும் அந்த இடத்தில் ஆள் மாறியிருக்கும், எழுதியவருக்குத் தொடர்பு கிடைக்காமல் ‘நிலையில்’ போட்டு ஒட்டியிருப்பார். ஆகவே அந்தச் சொல்லைக் கண்டால் அதுதான் வெட்டும் இடம் என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்துக்கொள்ளலாம்.

சரி, பிரித்துப் பார்ப்போம்.

“ஈசூனில் ஒரு வீவக வீட்டில் செவ்வாய்க்கிழமை அதிகாலை தீப்பிடித்தது. ஏழாவது மாடி வீடு. மின்-ஸ்கூட்டர் ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தீ அதிலிருந்துதான் கிளம்பியது. தகவல் கிடைத்ததும் குடிமைத் தற்காப்புப் படை வீரர்கள் விரைந்து வந்தார்கள். வீட்டுக்குள் ஒரே புகை. படுக்கையறையில் 71 வயது மாது ஒருவர் சிக்கியிருந்தார். வீரர்கள் உள்ளே நுழைந்து அவரை மீட்டார்கள்; தண்ணீரைப் பீய்ச்சியடித்துத் தீயை அணைத்தார்கள். அண்டை வீடுகளில் வசித்த ஏறத்தாழ 40 பேரையும் முன்னெச்சரிக்கையாக வெளியேற்றினார்கள். அந்த மாதுக்குப் புகையைச் சுவாசித்ததால் மூச்சுத்திணறல். மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், அங்கே சிகிச்சை பெற்று வருகிறார் என்று தகவல்.”

எண்ணிப் பாருங்கள், 64 சொல். மூலத்தைவிட ஒன்றுதான் கூட. உடைத்தால் செய்தி நீண்டுவிடும் என்ற பயம் வேண்டாம். உள்ள, அடுத்து, நிலையில் எல்லாம் விடைபெற்றுப் போனதில் இடம் கிடைத்துவிட்டது.

‘உள்ளே நுழைந்து அவரை மீட்டார்கள்’, ‘பீய்ச்சியடித்துத் தீயை அணைத்தார்கள்’ என்ற இரண்டிலும் வினையெச்சம் அப்படியே இருக்கிறது. ஆள் மாறவில்லை, தொட வேண்டியதில்லை. ‘பெற்று வருகிறார்’ என்பதில் ‘வருகிறார்’ துணைவினை. அங்கே பெற்று என்பதை எச்சமாக எண்ணி வெட்டக் கிளம்பினால், ‘சிகிச்சை பெற்றார். வருகிறார்’ என்று விபரீதமாகிவிடும். சிரிக்காதீர்கள், பயிற்சிக்கு வந்த ஒருவர் இதற்கு மிக அருகில் போயிருக்கிறார்.

மின்-ஸ்கூட்டர் வரியை எழுத எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ‘மின்னூட்டம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த’ என்று பேச்சில் யாரும் சொல்லமாட்டார்கள். முதலில், ‘மின்-ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டிருந்தார்கள்’ என்று எழுதினேன். எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் அது வீட்டுக்காரர்களைச் செயலுக்குப் பொறுப்பாக்குகிறது. மூலச் செய்தி யார் சார்ஜ் போட்டது என்று சொல்லவே இல்லை. செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கும்போது இல்லாத ஆள் ஒருவர் உள்ளே நுழைந்துவிடுவார். நல்லவேளை, தமிழில் ‘ஏறு’ மாதிரி தன்வினைகள் நிறைய இருக்கின்றன. சார்ஜ் ஏறியது, கதவு திறந்தது, கண்ணாடி உடைந்தது. யார் செய்தது என்று தெரியாதபோது அதுதான் பேச்சுத்தமிழின் வழி. மருத்துவமனை வரியில் மட்டும் ‘கொண்டுபோயிருக்கிறார்கள்’ என்று விட்டிருக்கிறேன். யார் கொண்டுபோனது என்பதால் அங்கே யாருக்கும் பழி வராது.

இன்னொரு சபலமும் வந்தது. ‘உள்ளே போய்ப் பார்த்தால், படுக்கையறையில் ஒரு மூதாட்டி!’ என்று கதை சொல்லும் தொனியில் எழுதக் கை பரபரத்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீரர்கள் உள்ளே போன பிறகுதான் கண்டார்கள் என்று செய்தி சொல்லவில்லை. முன்பே யாராவது தகவல் சொல்லியிருக்கலாம். ‘அப்புறம்’ என்ற சொல்லிலும் இதே ஆபத்து இருக்கிறது. ‘மீட்டு, அணைத்து, வெளியேற்றி’ என்று அடுக்கும்போது காலவரிசை தெளிவில்லாமல் கொஞ்சம் வழுக்கும். ‘அப்புறம் 40 பேரை வெளியேற்றினார்கள்’ என்றால் வரிசை ஆணியடித்தாற்போல நின்றுவிடும். ஒரு குழு தீயை அணைக்கும்போதே இன்னொரு குழு கதவு கதவாகத் தட்டியிருக்கக்கூடும். தெரியாதபோது இணைப்புச் சொல்லே போடாதீர்கள். ‘40 பேரையும்’ என்ற உம்மை போதும்.

தொடக்கநிலை மூன்று வாடை வராமல் இருக்க இரண்டு விஷயம் செய்திருக்கிறேன். எழுவாயைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை; ‘-ஆர்கள்’ என்ற விகுதியே ஆளைச் சுமக்கிறது. ஆள் மாறும் இடத்தில் மட்டும் ‘வீரர்கள்’, ‘அந்த மாது’ என்று பெயர் சொல்லியிருக்கிறேன். அடுத்தது, வினையே இல்லாத வாக்கியங்கள்: ‘ஏழாவது மாடி வீடு’, ‘வீட்டுக்குள் ஒரே புகை’. தமிழில் இது முழு வாக்கியம்தான். நீளமும் குட்டையும் கலந்து வருவதால் ஓசை ஒரே சீராகத் தட்டாது. மற்றபடி எழுத்தில் ‘அணைத்தார்கள்’ என்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது வாய் தானாக ‘அணைச்சாங்க’ என்று மாற்றிக்கொள்ளும். ‘விரைந்தனர்’ என்று வைத்திருந்தால் வாய்க்கு அந்த வழி கிடையாது.

இப்போது வெட்டக் கூடாத இடம். நீதிமன்றச் செய்தியில் கவனம் வேண்டும். “உட்லண்ட்சில் உள்ள கடைக்குள் நுழைந்து, விற்பனையாளரின் கவனத்தைத் திருப்பி, இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு ஆடவர் ஓடியதாகக் கூறப்படுகிறது” என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஆள், அழகான அடுக்கு. கடைசியில் இருக்கும் ‘கூறப்படுகிறது’ நுழைந்ததிலிருந்து ஓடியதுவரை எல்லாவற்றுக்கும் குடை பிடிக்கிறது. இதை, “ஆடவர் கடைக்குள் நுழைந்தார். விற்பனையாளரின் கவனத்தைத் திருப்பினார். கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு ஓடியதாகக் கூறப்படுகிறது” என்று வெட்டினால் முதல் இரண்டும் குடைக்கு வெளியே போய்விடும். குற்றச்சாட்டு நடந்த உண்மையாகிவிடும். என் முதல் வருடத்தில் சரியாக இதையே செய்து வைத்தேன். ஒலியேறப் பத்து நிமிடம் இருக்கும்போது மூத்த ஆசிரியர் ஒருவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, “தம்பி, தீர்ப்பு வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இதற்கு வழி குடையை முன்னால் கொண்டுவருவது. “ஆடவர் ஒருவர் மீது திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. குற்றச்சாட்டு இதுதான்: உட்லண்ட்சில் ஒரு கடைக்குள் நுழைந்து, விற்பனையாளரின் கவனத்தைத் திருப்பி, இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொண்டு ஓடினார் என்பது.” அடுக்கை உடைக்கவில்லை, பாருங்கள். ‘நுழைந்தாராம், ஓடினாராம்’ என்று வாசிக்கலாமே என்று தோன்றும். ‘-ஆம்’ பேச்சில் கொஞ்சம் வம்பு பேசும் தொனி கொடுத்துவிடும். நீதிமன்றச் செய்திக்கு வேண்டாம்.

எதிர்மறையில் முடியும் வாக்கியமும் இதே மாதிரிதான். “ஓட்டுநர் காரை நிறுத்தி, காயமடைந்தவருக்கு உதவவில்லை.” காரை நிறுத்தினாரா, நிறுத்தவே இல்லையா? ‘இல்லை’ எதுவரை எட்டுகிறது என்று இந்த வாக்கியம் சொல்லாது. நிறுத்தினார் என்று நீங்களாக முடிவு செய்து வெட்டிவிடாதீர்கள். செய்தியின் வேறு பத்தியில் விடை இருந்தால் பாருங்கள், இல்லையென்றால் எழுதியபடியே நிதானமாக வாசித்துவிடுங்கள். ‘வேண்டும்’ என்று முடியும் அறிவிப்புகள் சுலபம்: படிவத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, முகப்பில் கொடுக்க வேண்டும் என்று இருந்தால், ‘படிவத்தை நிரப்புங்கள், கையெழுத்துப் போட்டு முகப்பில் கொடுங்கள்’ என்று நேராகச் சொல்லிவிடலாம்.

பென்சிலும் கையுமாக உட்கார நேரமில்லாத நாள் வரும். அன்றைக்கு வாக்கியத்தின் கடைசி ஐந்தாறு சொல்லை முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். யார் தெரிவித்தது, ‘கூறப்படுகிறது’ உண்டா, ‘இல்லை’ உண்டா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்புறம் ‘நிலையில்’, ‘அடுத்து’, ‘தொடர்ந்து’ எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வாசித்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்ததும் எச்சத்தை முற்றாக்கி, ‘வெளியேற்றினார்கள்’ என்று நிறுத்தி ஒரு மூச்சு விடுங்கள். அடுத்த வாக்கியத்தை, “அந்த அம்மாவுக்கு…” என்று ஆளைச் சொல்லித் தொடங்குங்கள். தாத்தா வாயைத் திறப்பதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனது யார் என்று தெரிந்துவிடும்.